மேனேஜருக்கு ஒரு பக்கத்துல விவரம் கொடுக்கணும்: டேபிளா, பாயிண்ட்டா, சார்ட்டா?

திருவொற்றியூர்_தமிழ்

வணக்கம். திருவொற்றியூர்ல ஒரு டிரான்ஸ்போர்ட் கம்பெனியில ஆபரேஷன்ஸ் பாக்குறேன். ஏற்றுமதி கண்டெய்னரை ஃபேக்டரியில ஏத்தி, சென்னை துறைமுகம் ஜீரோ கேட் உள்ளே விடுற வரைக்கும் எங்க பொறுப்பு. டிரெய்லர் எல்லாம் வெளியாளுங்களோடது, வாடகைக்கு எடுக்குறோம். வண்டி வடசென்னைக்கு வந்து சேர்ந்த நேரத்துல இருந்து 24 மணி நேரத்துக்குள்ள கேட் உள்ளே போயிட்டா ஹால்டிங் கிடையாது. தாண்டினா வண்டி காத்து நின்னதுக்காக வண்டிக்காரருக்கு டிரிப்புக்கு 3,000 ரூபாய் தரணும்.

முந்தின மாசம் ஹால்டிங் 54,000 ரூபாய். போன மாசம் 96,000. டிரிப் பெருசா கூடல, 112 இருந்தது 118 ஆச்சு. மேனேஜர் கேட்டது இவ்வளவுதான்: "ஏன் ஏறுச்சு, என்ன பண்ணலாம், ஒரு பக்கத்துல குடு."

இப்போதைக்கு பாயிண்ட் பாயிண்ட்டா எழுதி வச்சிருக்கேன். மாதிரிக்கு ரெண்டு வரி:

- ஸ்ரீபெரும்புதூர் பார்ட்டி 28 டிரிப், அதுல 17 ஹால்டிங், முந்தின மாசம் 5
- மணலி கெமிக்கல் பார்ட்டி 41 டிரிப், அதுல 6 ஹால்டிங், முந்தின மாசம் 5

இதே மாதிரி மத்த ரெண்டு பார்ட்டிகளுக்கும், அப்புறம் காரணங்கள், அப்புறம் நம்ம யோசனைகள்னு கீழே போயிட்டே இருக்கு. கூட வேலை பாக்குற ஒருத்தர் சார்ட் போடச் சொல்றார். இன்னொருத்தர் எக்செல் ஷீட்டை அப்படியே ஒட்டச் சொல்றார். எதை வச்சு முடிவு பண்றது?

ராயபுரம்_ரமேஷ்

ரொம்ப யோசிக்காத தம்பி. அஞ்சு நம்பருக்குள்ளன்னா பாயிண்ட். இருபது வரைக்கும் டேபிள். அதுக்கு மேல போச்சுன்னா சார்ட். நான் இந்தக் கணக்குலதான் கொடுக்குறேன். உன் விஷயத்துல நாலு பார்ட்டிதானே, ஒரு பை சார்ட் போட்டா ஸ்ரீபெரும்புதூர்க்காரன் பாதி வட்டத்தை அடைச்சுக்கிட்டு நிப்பான். மேனேஜருக்கு ஒரே பார்வையில புரிஞ்சிடும்.

கொருக்குப்பேட்டை_செல்வி

ரமேஷ் அண்ணன் சொன்னதுல கொஞ்சம் சரி இருக்கு. நம்பர் ஏற ஏற கண்ணு திணறும், அது உண்மை. ஆனா எண்ணிக்கையை வச்சு முடிவு பண்ண முடியாது. ஐந்நூறு பேர் சம்பளப் பட்டியலை யாரும் சார்ட்டா போட மாட்டாங்க, ஏன்னா அதுல ஒவ்வொருத்தரும் தன் பேரைத் தேடுவாங்க. படிக்கிறவர் அந்தத் தாளை வச்சு என்ன செய்யப்போறார்ங்கிறதுதான் முதல்ல பாக்கணும்.

தமிழ், உங்க மேனேஜர் கேட்ட ஒரு வாக்கியத்துல மூணு வேலை இருக்கு. எங்கே ஏறுச்சு, ஏன் ஏறுச்சு, என்ன பண்ணலாம். மூணையும் ஒரே வடிவத்துல அடைக்கப் பாக்குறதாலதான் உங்களுக்கு இழுக்குது.

முதல் வேலையை எடுத்துக்குவோம். நீங்க போட்ட ரெண்டு பாயிண்ட்டையும் ஒண்ணுக்குக் கீழே ஒண்ணு படிச்சுப் பாருங்க. பார்ட்டி பேரு, டிரிப், ஹால்டிங், முந்தின மாசம். அதே நாலு விவரம், அதே வரிசையில வருது. இப்படி வந்தா அது பாயிண்ட் வேஷம் போட்ட டேபிள். மேனேஜர் 17ஐயும் 6ஐயும் ஒப்பிடணும்னா ரெண்டு வாக்கியத்துக்கு உள்ளே போய் நம்பரைத் தேடி எடுத்து மனசுலயே பக்கத்துல வைக்கணும். அந்த வேலையை நாமளே செஞ்சு கொடுக்கலாம். மத்த ரெண்டு பார்ட்டி நம்பரும் போடுங்க, காட்டுறேன்.

திருவொற்றியூர்_தமிழ்

கும்மிடிப்பூண்டி ஸ்டீல் 33 டிரிப், 5 ஹால்டிங், முந்தின மாசம் 4. மாதவரம் குடோன் 16 டிரிப், 4 ஹால்டிங், முந்தின மாசமும் 4.

கொருக்குப்பேட்டை_செல்வி

| பார்ட்டி | டிரிப் | ஹால்டிங் | முந்தின மாசம் | கூடினது |
|---|---:|---:|---:|---:|
| ஸ்ரீபெரும்புதூர் | 28 | 17 | 5 | 12 |
| மணலி கெமிக்கல் | 41 | 6 | 5 | 1 |
| கும்மிடிப்பூண்டி ஸ்டீல் | 33 | 5 | 4 | 1 |
| மாதவரம் குடோன் | 16 | 4 | 4 | 0 |
| மொத்தம் | 118 | 32 | 18 | 14 |

கடைசிப் பத்தி உங்க பாயிண்ட்டுல இல்லவே இல்ல. ஆனா மேனேஜர் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். வரிசையையும் அந்தப் பத்தியை வச்சுத்தான் அடுக்கியிருக்கேன். டிரிப் அதிகமா இருக்கிற மணலியை மேலே வச்சா அவர் கண்ணு தப்பான இடத்துல நிக்கும். டேபிளுக்கு மேலே ஒரு வரி எழுதிடுங்க: "கூடின 14 ஹால்டிங்குல 12 ஸ்ரீபெரும்புதூர் பார்ட்டியோடது, ரூபாயில 42,000க்கு 36,000." அந்த வரியைப் படிச்சிட்டு, நம்பலாமான்னு சரிபாக்கத்தான் அவர் கீழே டேபிளுக்கு இறங்குவார்.

பை சார்ட்டைப் பத்தி: 32ல 17 பாதிக்கு மேலன்னு வட்டம் காட்டும், ஒத்துக்கிறேன். ஆனா கேள்வி "யாரோட பங்கு பெருசு"ங்கிறது இல்ல, "என்ன மாறுச்சு"ங்கிறது. அதுக்கு ரெண்டு மாசத்துக்கு ரெண்டு வட்டம் போட்டு, துண்டுக்குத் துண்டு ஒப்பிடணும். கோணத்தை அளக்குறதுல நம்ம கண்ணு ரொம்ப மோசம். கிளீவ்லேண்ட், மெக்கில்னு ரெண்டு அமெரிக்க புள்ளியியல் ஆளுங்க 1984ல இதைச் சோதனை வச்சே பாத்தாங்க. ஒரே கோட்டுல இருந்து எழும்புற கம்பங்களை ஜனங்க ஓரளவு சரியா ஒப்பிட்டாங்க, வட்டத்துண்டுன்னா தடுமாறினாங்க. நாலு வரி டேபிள் போதுமானதா இருக்கும்போது வட்டம் தேவையில்ல.

ராயபுரம்_ரமேஷ்

ரெண்டு வட்டம் விஷயம் சரிதான்மா, நான் ஒரு மாசத்தை மட்டும்தான் யோசிச்சேன். ஆனா மொத்தத்துல யாரு எவ்வளவுன்னு கேட்டா இப்பவும் நான் வட்டம்தான் போடுவேன். எங்க ஜிஎம் அதைத்தான் கேட்டு வாங்குறார்.

டிரெய்லர்_பாஸ்கர்

இதுக்கு எதுக்கு டேபிள், சார்ட் எல்லாம்? ஹால்டிங் ஏன் ஏறுதுன்னு என்னைக் கேளுங்க. ரெண்டு வண்டி வச்சு ஓட்டுறேன், எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல ராத்திரி பூரா நின்ன ஆள் நான். க்யூ மட்டும் காரணம் இல்ல. துறைமுகத்துக்குள்ள பெட்டியை விடுறதுக்கான ஃபார்ம் 13 கையில இல்லாம வண்டியை அனுப்பிடுறாங்க. ஃபேக்டரியில இடம் அடைக்குதுன்னு சாயந்திரமே பெட்டியை ஏத்தித் தள்ளிவிட்டுடுவாங்க. அவுட்டர் ரிங் ரோடு புடிச்சு நாங்க மணலி பக்கம் வந்து நிப்போம். அப்புறம் கஸ்டம்ஸ் வேலை பாக்குற ஏஜென்ட் சி.எச்.ஏ.வுக்கு ஃபோன் போட்டா "இன்னும் ஆகல, நாளைக்கு"ம்பாங்க. ஃபார்ம் 13 இல்லாம கேட்ல விடமாட்டான். இதைப் போய் உங்க மேனேஜர்கிட்ட வாயாலயே சொல்லிடலாமே.

திருவொற்றியூர்_தமிழ்

அண்ணே, நான் கேட்டது எப்படி எழுதிக் கொடுக்குறதுன்னுதான். ஆனா நீங்க சொன்னது நல்ல துப்பு. எங்க ரிஜிஸ்டர்ல ஃபார்ம் 13 வந்த நேரம் எழுதியிருக்கும். ஃபேக்டரியில இருந்து வண்டி கிளம்பின நேரமும் இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்குறேன்.

செல்வி அக்கா, இதுக்கு நடுவுல ஒண்ணு கேக்கணும். ஸ்ரீபெரும்புதூர் பார்ட்டிக்கு சராசரி காத்திருப்பு நேரம் மாசாமாசம் கொடுத்துட்டு வர்றோம். போன மாசம் 20 மணிக்கும் கொஞ்சம் மேல. 24க்குள்ளதானே இருக்குன்னு மேனேஜர் அதைப் பெருசா எடுத்துக்கல. ஆனா 28ல 17 ஹால்டிங் ஆகியிருக்கு. இது எப்படி?

கொருக்குப்பேட்டை_செல்வி

இங்கேதான் உங்களுக்கு சார்ட் வேணும். 28 டிரிப்பையும் தனித்தனிப் புள்ளியா வச்சுப் பாருங்க. எக்செல்ல ஸ்கேட்டர் சார்ட். நிக்குற அச்சுல காத்திருந்த மணி. படுக்குற அச்சுல ரெண்டே ரெண்டு இடம்: ஃபார்ம் 13 கையில இருந்து கிளம்பின வண்டி 1, இல்லாம கிளம்பின வண்டி 2. அப்படியே போட்டா புள்ளிங்க ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மறைஞ்சுக்கும், அதனால அந்த 1, 2ஐக் கொஞ்சம் பக்கவாட்டுல சிதற விடுங்க. முதல் கூட்டத்துக்கு இது:

```
=1+RAND()*0.3
```

ரெண்டாவது கூட்டத்துக்கு 1க்குப் பதிலா 2. போட்டதும் காப்பி எடுத்து வேல்யூவா ஒட்டிடுங்க, இல்லன்னா ஷீட்டைத் தொடும்போதெல்லாம் புள்ளி இடம் மாறும். 24 மணியில குறுக்கே ஒரு கோடு இழுங்க. சிதறல் வெறும் பார்வைக்குத்தான், படுக்கை அச்சுல இருக்கிற நம்பரை அழிச்சிட்டு "இருந்தது", "இல்லை"ன்னு எழுதிடுங்க.

திருவொற்றியூர்_தமிழ்

போட்டுப் பார்த்தேன் அக்கா. ஃபார்ம் 13 கையில வச்சுக் கிளம்பின வண்டி 9. எல்லாமே 3ல இருந்து 7 மணிக்குள்ள உள்ளே போயிருக்கு. இல்லாம கிளம்பினது 19. அதுல 17 வண்டி 25 மணிக்கு மேல, பெரும்பாலும் 30 பக்கத்துல. மீதி ரெண்டு மட்டும் 10 மணி நேரத்துல போயிருக்கு.

சராசரி சொல்ற 20 மணி இருக்கிற இடத்துல ஒரு புள்ளிகூட இல்ல! 10க்கும் 25க்கும் நடுவுல வெறும் வெள்ளை.

கொருக்குப்பேட்டை_செல்வி

அதேதான். ரெண்டு வேற வேற கூட்டத்தைக் கலந்து சராசரி எடுத்தா, எந்த வண்டிக்கும் நடக்காத ஒரு நேரம் வரும். அந்த நேரம் 24க்குக் கீழே விழுந்ததால மாசாமாசம் எல்லாரும் நிம்மதியா இருந்திருக்கீங்க. டேபிள்ல சராசரின்னு ஒரு பத்தி வச்சா இது கண்ணுக்கே தெரியாது. பாயிண்ட்ல எழுதினாலும் தெரியாது. புள்ளி எங்கே கூடுது, எங்கே காலியா கிடக்குதுன்னு காட்டுறதுக்கு சார்ட்டை விட்டா வேற வழி இல்ல.

பெரம்பூர்_கணக்கர்

இதுவரை சொன்னதெல்லாம் சரி. ஆனால் ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். அந்தப் புள்ளிச் சார்ட் தமிழ் கண்டுபிடிப்பதற்கு உதவியது. மேனேஜருக்கும் அதையே ஏன் கொடுக்க வேண்டும்? கண்டுபிடித்த பிறகு விஷயம் இரண்டு வரியில் அடங்கிவிட்டது:

| ஃபார்ம் 13 கையில் | டிரிப் | ஹால்டிங் |
|---|---:|---:|
| இருந்தது | 9 | 0 |
| இல்லை | 19 | 17 |

இதைவிடத் தெளிவாக எந்தச் சார்ட்டும் சொல்லாது. அச்சு என்ன, கோடு என்ன, புள்ளி ஏன் சிதறியிருக்கிறது என்று மேனேஜருக்கு விளக்க வேண்டிய தேவையும் இல்லை. நாம் தேடும்போது போட்ட படத்தையெல்லாம் அறிக்கையில் ஏற்றினால், படிப்பவரும் நாம் அலைந்த வழியெல்லாம் அலைய வேண்டியிருக்கும். இன்னொன்று, இந்த டேபிளைக் கருப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தாலும் எதுவும் கெடாது. வண்ணத்தை நம்பிப் போட்ட சார்ட் ஆஃபீஸ் பிரிண்டரில் வந்தால் இரண்டு வண்ணமும் ஒரே சாம்பலாகத்தான் தெரியும்.

கொருக்குப்பேட்டை_செல்வி

சார், புதுசா கேக்குற மேனேஜரா இருந்தா உங்க ரெண்டு வரி டேபிள்தான் கொடுப்பேன், சந்தேகமே இல்ல. ஆனா இவர் மாசக்கணக்கா சராசரியையே கேட்டுப் பழகினவர். திடீர்னு "19ல 17"ன்னா, "அப்போ இத்தனை நாள் கொடுத்த நம்பர் தப்பா?"ன்னுதான் முதல்ல கேப்பார். சராசரியும் தப்பில்ல, இதுவும் தப்பில்லன்னு ஒரே பார்வையில காட்ட அந்தப் படம்தான் உதவும். 20 மணியிலயும் சின்னதா ஒரு கோடு இழுத்து "சராசரி இங்கே"ன்னு எழுதிட்டா, அந்தக் கோட்டுப் பக்கத்துல ஆளே இல்லன்னு அவரே பாப்பார். வண்ணம் வேண்டாங்கிறதுல நான் உங்க பக்கம்தான். இதுல ரெண்டு கூட்டமும் இடத்தால பிரிஞ்சு நிக்குது, எல்லாப் புள்ளியும் கருப்பா இருந்தாலே போதும்.

பெரம்பூர்_கணக்கர்

அப்படியானால் படம் இரண்டாவது பக்கத்தில் இருக்கட்டும். அவர் கேட்டது ஒரு பக்கம். கேட்டால் காட்டலாம்.

கொருக்குப்பேட்டை_செல்வி

கேக்க மாட்டாங்க சார், அதுதான் என் கவலை. இதுல நான் ஒத்துக்கல. தமிழுக்குத்தான் அவரைத் தெரியும், அவரே முடிவு பண்ணட்டும்.

எம்சிரோடு_ஜமால்

நடுவுல நுழையறேன், மன்னிக்கணும். பழைய வண்ணாரப்பேட்டையில ரெடிமேட் மொத்தக் கடை, ஸ்டாக் நான்தான் பாக்குறேன். எங்க முதலாளிக்கு எந்த டிசைன்ல எந்த சைஸ் தீர்ந்ததுன்னு தெரியணும். முன்னாடி இருந்தவர் சார்ட் போட்டுக் கொடுத்துக்கிட்டு இருந்தார், அழகா கலர் கலரா. முதலாளி அதைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டார். நான் டிசைனைக் கீழ்வாக்குலயும் சைஸை மேலேயும் வச்சு டேபிள் போட்டேன். ஸ்டாக் இல்லாத கட்டத்துல பூஜ்யம் எழுதாம காலியா விட்டேன். காலியா இருக்கிற கட்டத்தைப் பாத்துத்தான் இப்போ ஆர்டரே போடுறார். எங்க விஷயத்துல டேபிள்தானே சரி?

கொருக்குப்பேட்டை_செல்வி

உங்களுக்கு டேபிள்தான் பாய். ரெண்டு பக்கமும் இருந்து விரலை வச்சு ஒரு கட்டத்துக்கு வரணும்னா அதுக்கு மிஞ்சின வடிவம் கிடையாது. ஒரே ஒரு ஜாக்கிரதை: ஸ்டாக் எண்ண மறந்துபோன கட்டமும் காலியா இருக்கும், தீர்ந்துபோன கட்டமும் காலியா இருக்கும். எண்ணாததுக்கு ஒரு கோடு போட்டுடுங்க.

திருவொற்றியூர்_தமிழ்

இன்னும் ஒரு பாகம் பாக்கி இருக்கு. என்ன பண்ணலாம்ங்கிறது. அதையும் டேபிளா போட்டுப் பார்த்தேன்: யோசனை, யார் செய்யணும், செலவு, மிச்சம், குறிப்புன்னு அஞ்சு பத்தி. பாதிக் கட்டத்துல கோடு கோடாத்தான் வருது. குறிப்புப் பத்தியில மட்டும் நாலு வரி வாக்கியம் மடங்கி மடங்கி நிக்குது.

கொருக்குப்பேட்டை_செல்வி

அப்போ அது டேபிள் வேஷம் போட்ட பாயிண்ட். ஒவ்வொரு யோசனையும் வேற வேற மாதிரி இருக்கு, பொதுவான பத்தி இல்ல. அங்கே பாயிண்ட்தான் சரி. வெறும் புள்ளி வைக்காம 1, 2, 3ன்னு நம்பர் போடுங்க. உங்க மேனேஜர் வாட்ஸ்அப்ல பதில் போடுறவரா?

திருவொற்றியூர்_தமிழ்

ஆமா, முக்கால்வாசி அதுலதான். ஃபோன்லயேதான் எல்லாத்தையும் பாப்பார்.

கொருக்குப்பேட்டை_செல்வி

அப்போ நம்பர் கண்டிப்பா வேணும். "1 ஓகே, 2 வேணாம்"னு அடிச்சிட்டுப் போயிடுவார். ஃபோன்னா டேபிளையும் மாத்தணும். நிமிர்த்திப் பிடிச்ச ஃபோன்ல அஞ்சு பத்தி நெருக்கும். என் டேபிள்ல டிரிப் பத்தியை எடுத்துடுங்க. டிரிப் கூடினதால ஹால்டிங் கூடலன்னு மேலே ஒரு வரியில சொல்லிட்டாப் போதும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பாதீங்க, வாட்ஸ்அப் அதை நசுக்கி எழுத்தை மங்க வச்சிடும். பிடிஎஃப்பா அனுப்புங்க.

பெரம்பூர்_கணக்கர்

ஒரு சின்னக் குறிப்பு. டேபிளில் எண்களை வலப்பக்கம் ஒட்டி வையுங்கள். நடுவில் வைத்தால் ஒன்றின் இடமும் பத்தின் இடமும் நேர்க்கோட்டில் நிற்காது, எது பெரியது என்று கண் தானாகப் பிடிக்க முடியாது. பின்னால் வருடக் கணக்கு கொடுக்கும்போது லட்சம் தாண்டும். எக்செல் 1,152,000 என்று வெளிநாட்டு முறையில் காற்புள்ளி போட்டால், கஸ்டம் ஃபார்மட்டில் இதைப் போடுங்கள், 11,52,000 என்று வரும்:

```
[>=10000000]##\,##\,##\,##0;[>=100000]##\,##\,##0;##,##0
```

கழித்தல் எண்களுக்கு இது வேலை செய்யாது, அவை பழைய முறையிலேயே வரும்.

டிரெய்லர்_பாஸ்கர்

யோசனையில என்ன எழுதப் போற தம்பி? ஹால்டிங்கைக் குறைச்சுக் கொடுன்னு எங்க தலையில வச்சிடாத.

திருவொற்றியூர்_தமிழ்

இல்லண்ணே. இதைத்தான் அனுப்பப் போறேன்:

1. ஸ்ரீபெரும்புதூர் பார்ட்டிக்கு ஃபார்ம் 13 வந்த பிறகுதான் டிரெய்லர் அனுப்பலாம். இந்த வாரமே தொடங்க உங்க அனுமதி வேணும்.
2. அவங்களே முன்னாடி அனுப்பச் சொன்னா அந்த டிரிப்போட ஹால்டிங்கை அவங்க பில்லுல சேர்க்கலாம். இதுக்கு நீங்க அவங்ககிட்ட பேசணும்.
3. மாச ரிப்போர்ட்ல சராசரி நேரத்தை எடுத்துட்டு, 24 மணி தாண்டின வண்டி எத்தனைன்னு மட்டும் போடலாம்.

பெரம்பூர்_கணக்கர்

நன்றாக இருக்கிறது. முதல் இரண்டிலும் அவர் என்ன செய்ய வேண்டும் என்பது இருக்கிறது. மூன்றாவதில் சராசரியை முழுவதும் எடுக்க வேண்டுமா என்பதில் எனக்குத் தயக்கம். மற்ற மூன்று பார்ட்டிகளுக்கும் சராசரி சரியாகவே இருக்கலாம், அவர்கள் புள்ளிகளை யாரும் இன்னும் பார்க்கவில்லையே.

ராயபுரம்_ரமேஷ்

கடைசியில படம் போட்டியா, ரெண்டு வரி டேபிளா?

திருவொற்றியூர்_தமிழ்

ரெண்டு வரி டேபிளை முதல் பக்கத்துல வச்சேன். படத்தை ரெண்டாம் பக்கத்துல வச்சு, "சராசரி 20 ஏன் நம்மை எச்சரிக்கல: பக்கம் 2"ன்னு டேபிளுக்குக் கீழேயே எழுதிட்டேன். செல்வி அக்கா பயந்த மாதிரி பாக்காம விட்டுடக் கூடாதுல்ல.

பதில் வந்துடுச்சு: "1 ஓகே. 2 திங்கக்கிழமை பேசுறேன். 3 அப்புறம். ஃபார்ம் 13 இல்லாமலே 10 மணி நேரத்துல போன அந்த ரெண்டு வண்டி எது?"

ரெண்டாம் பக்கத்தைப் பாத்திருக்கார், ஏன்னா 10 மணி அங்கே மட்டும்தான் இருக்கு. ரிஜிஸ்டரைப் பாத்துட்டு இருக்கேன்.

டிரெய்லர்_பாஸ்கர்

கிளம்பின நேரத்தைப் பாரு தம்பி. காலையில கிளம்பின வண்டியா இருக்கும். அன்னிக்குப் பகல்லயே சி.எச்.ஏ. ஆஃபீஸ் திறந்திருக்கும்போது ஃபார்ம் வாங்கியிருப்பாங்க. சாயந்திரம் கிளம்பினதுதான் மறுநாள் வரைக்கும் மாட்டிக்கும்.

திருவொற்றியூர்_தமிழ்

ஒண்ணு காலை 9 மணிக்குக் கிளம்பியிருக்கு அண்ணே. இன்னொண்ணு ராத்திரி 8 மணி. அது எப்படிப் போச்சுன்னு டிரைவரைத்தான் கேக்கணும்.